எட்டாம் வசனத்தின் பாதியில்

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான கதை ஒன்று உண்டு. என் கொள்ளுத்தாத்தா பர்மாவில் பெகு பக்கத்தில் ஒரு நிலக்காரருக்குக் காரியஸ்தராக இருந்தார். நெல் குத்தகை வசூலிப்பதும், பாக்கி எழுதுவதும், அறுப்புக் காலத்தில் களத்தில் நின்று கூடைக் கணக்குப் பார்ப்பதும் அவர் வேலை. யாரோ கோள் சொல்லி வேலை போகப் போகிறது என்று தெரிந்ததும், பாக்கிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நூறு கூடை என்று இருந்ததை ஐம்பது என்று எழுதச் சொன்னார். பிறகு 1942ல் ஜப்பான்காரன் வந்து, ரங்கூனிலிருந்து இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக நடக்கத் தொடங்கியபோது, அந்தப் பாக்கிக்காரர்களில் ஒரு பர்மிய விவசாயிதான் எங்கள் குடும்பத்தைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். நாங்கள் இன்றும் இந்த நாட்டில் இருப்பதற்கு அதுதான் காரணம் என்பார்கள்.

லூக்கா 16ஆம் அதிகாரம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை எங்கே போய் முட்டுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: அது இயேசு சொன்ன அநீதியுள்ள உக்கிராணக்காரன் உவமை. வேலை போகப் போகிற ஒரு காரியஸ்தன், முதலாளியின் கடன்காரர்களைக் கூப்பிட்டு நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்றும், நூறு கோர் கோதுமையை எண்பது என்றும் எழுதச் சொல்கிறான், கடைசியில் மெச்சப்படுகிறான். அந்த உவமை எங்கள் தமிழ்ச் சபையில் வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், உறுத்தலாகவும் இருக்கும். அவர் முதலாளியின் நெல்லை எடுத்து ஊருக்குக் கொடுத்த திருடரா, இரக்கமுள்ளவரா? பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குள் ஒரு பிடிவாதம். ரங்கூன் பக்கம் இன்சினில் இறையியல் படித்தபோது, ஒரு உவமையை எடுத்து வரலாற்றுத் திறனாய்வு முறைப்படி விளக்கவுரைக் கட்டுரை எழுத வேண்டும் என்று சொன்னார்கள். வேறு எந்த உவமையையும் நான் யோசிக்கவே இல்லை.

பாடத்திலிருந்து தொடங்கினேன்

அந்த முறையில் முதல் படி, நம் கையில் இருக்கும் வசனம் எந்தக் கையெழுத்துப் பிரதியிலிருந்து வருகிறது என்று பார்ப்பது. இதை ஒரு சடங்கு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஒன்பதாம் வசனத்திலேயே தடுக்கியது. நம் தமிழ் வேதாகமத்தில் "நீங்கள் மாளும்போது உங்களை நித்தியமான வீடுகளிலே ஏற்றுக்கொள்வாருண்டாகும்படி" என்று இருக்கிறது. அதாவது சாவின்போது. ஆனால் மிகப் பழைய பிரதிகளில், மூன்றாம் நூற்றாண்டின் பாப்பிரஸ் 75லும் நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் பிரதியிலும், அந்த வினைச்சொல் 'எக்லிபே' என்று இருக்கிறது. 'அது தீரும்போது' என்று அர்த்தம். அது என்றால் பணம். பிற்காலப் பிரதிகள் பலவற்றில்தான் 'எக்லிபேதே', 'நீங்கள் முடிந்துபோகும்போது' என்று வருகிறது. கிரேக்கத்தில் வித்தியாசம் ஒரு அசைதான்.

எது முந்தையது என்று எப்படிச் சொல்வது? பிரதியின் வயது ஒரு காரணம். இன்னொன்று, எந்தத் திசையில் மாற்றம் நடந்திருக்கும் என்று கேட்பது. 'நித்தியமான வீடுகள்' என்று அதே வசனத்தில் வருகிறது. அதைப் பார்க்கிற ஒரு எழுத்தர், பணம் தீர்வதைவிட ஆள் சாவதுதான் இங்கே பொருந்தும் என்று நினைத்து 'நீங்கள்' என்று ஆக்கியிருக்க முடியும். எதிர்த் திசையில் மாற்றுவதற்கு அவ்வளவு காரணம் இல்லை. நாம் சபையில் வாசிக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு 1871ல் வெளிவந்த பவர் பதிப்பின் வழியில் வருகிறது. வெஸ்ட்காட்டும் ஹார்ட்டும் பழைய பிரதிகளை முன்வைத்துத் தங்கள் கிரேக்கப் பதிப்பை வெளியிட்டது 1881ல். பாப்பிரஸ் 75 அச்சில் வந்தது 1961ல். எனவே அந்த மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் கையில் இருந்த பாடத்துக்கு உண்மையாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் என் மனதில் ஒன்று விழுந்துவிட்டது. பொருந்த வேண்டும் என்ற ஆசை, எழுதுகிறவனின் கையை நகர்த்தும். இதை அப்போது ஓரத்தில் குறித்து வைத்தேன். எதற்குப் பயன்படும் என்று அன்றைக்குத் தெரியாது.

யார் மெச்சினார்?

அடுத்த படி எல்லை வகுப்பது. உவமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? தொடக்கம் சுலபம். முடிவுதான் இந்த உவமையில் பெரிய சண்டை. ஏழாம் வசனத்தோடு முடிகிறது என்பவர்கள் உண்டு, எட்டின் முதல் பாதியோடு என்பவர்கள் உண்டு, ஒன்பதையும் சேர்க்கிறவர்கள் உண்டு. எல்லாம் எட்டாம் வசனத்தில் வரும் ஒரே சொல்லைப் பொறுத்தது. தமிழில் "அநீதியுள்ள உக்கிராணக்காரன் புத்தியாய்ச் செய்தான் என்று எஜமான் கண்டு, அவனை மெச்சிக்கொண்டான்" என்று வாசிக்கிறோம். கிரேக்கத்தில் அங்கே இருப்பது 'கூரியோஸ்'. எஜமான் என்றும் சொல்லலாம், கர்த்தர் என்றும் சொல்லலாம். தமிழ் வாசகருக்கு அந்தக் கேள்வி எழ வாய்ப்பே இல்லை, மொழிபெயர்ப்பு முன்னாலேயே முடிவு செய்துவிட்டது.

கர்த்தர் என்று எடுத்தால், ஏழாம் வசனத்தோடு கதை முடிந்து, இயேசுவே அவனை மெச்சுகிறார் என்று ஆகும். யெரெமியாஸ் என்ற ஜெர்மன் வேத அறிஞர் அப்படித்தான் வாசித்தார். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. லூக்கா 18ல் அநீதியுள்ள நியாயாதிபதி கதை முடிந்ததும் 'கர்த்தர் சொன்னார்' என்று இதே சொல் இயேசுவுக்கு வருகிறது. ஏமாற்றப்பட்ட ஒரு முதலாளி ஏமாற்றியவனை மெச்சுவானா என்ற கேள்வியும் அதோடு தீர்ந்துவிடும். ஆனால் மூன்றாம் வசனத்திலும் ஐந்தாம் வசனத்திலும் இதே சொல் கதைக்குள் இருக்கும் முதலாளியைத்தான் குறிக்கிறது. இரண்டாம் வசனத்தில் கணக்கைக் கேட்டுவிட்டுப் போன முதலாளி திரும்பி வராமல் கதை நின்றால், அது பாதியில் நின்றதுபோல் இருக்கும். ஒன்பதாம் வசனம் கிரேக்கத்தில் 'நானும் உங்களுக்குச் சொல்கிறேன்' என்று அந்த 'நான்' மேல் அழுத்தம் வைத்துத் தொடங்குகிறது. முன்னால் பேசியது வேறொருவர் என்றால்தான் அந்த அழுத்தத்துக்கு வேலை இருக்கிறது. இதையெல்லாம் நிறுத்துப் பார்த்து, மெச்சியது முதலாளிதான், கதை எட்டாம் வசனத்தின் பாதியில் முடிகிறது என்று முடிவெடுத்தேன். இன்றும் அதையே சொல்வேன்.

அப்படி அங்கே வெட்டியவுடன், மீதி வசனங்கள் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. ஒன்பதாம் வசனம் பணத்தால் நண்பர்களைச் சம்பாதிக்கச் சொல்கிறது. பத்து முதல் பன்னிரண்டு வரை கொஞ்சத்தில் உண்மையாயிருங்கள் என்கிறது. இந்த மனிதனோ உண்மையாக இல்லாததால்தான் கதைக்கே வந்தவன். பதின்மூன்றாம் வசனம் தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியம் செய்ய முடியாது என்கிறது. அது மத்தேயு 6:24ல் கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் இருக்கிறது, அங்கே பக்கத்தில் உக்கிராணக்காரன் யாரும் கிடையாது. உவமையோ லூக்காவில் மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் பதின்மூன்றாம் வசனம் தனியாக உலாவிய ஒரு வாக்கு. தமிழில் உலகப்பொருள் என்று வரும் 'மாமோன்' என்ற சொல் ஒன்பதிலும் பதினொன்றிலும் பதின்மூன்றிலும் வருவதால், அந்தக் கயிற்றில் கோத்து இங்கே கொண்டுவரப்பட்டிருக்கிறது. டாட் என்ற வேத அறிஞர் 1935ல் இந்த வசனங்களைப் பார்த்து, ஒரே உவமையின் மேல் செய்த மூன்று பிரசங்கங்களின் குறிப்புகள் மாதிரி இருக்கிறது என்று சொன்னார். சபையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டு வளர்ந்த எனக்கு அது உடனே பிடிபட்டது. இந்தக் கதை ஆரம்பத்திலேயே கேட்டவர்களை உறுத்தியிருக்கிறது. ஒவ்வொரு பிரசங்கியும் அதற்கு ஒரு வழி தேடியிருக்கிறார்.

ஐம்பது குடமும் இருபது கோரும்

நான் உண்மையில் போக விரும்பிய இடம் இதுதான். அந்தக் கழிவு யாருடைய பணம்? 1961ல் டெரெட் என்ற சட்ட அறிஞர் ஒரு விளக்கம் கொடுத்தார். யூதச் சட்டம் சக யூதரிடம் வட்டி வாங்கத் தடை செய்கிறது. ஆகவே வட்டியை முதலோடு சேர்த்து எண்ணெயாகவும் கோதுமையாகவும் சீட்டில் எழுதிவிடுவார்கள். உக்கிராணக்காரன் தள்ளியது அந்த மறைவான வட்டியை. சட்டம் தடுத்ததைத்தான் அவன் தள்ளினான் என்பதால் முதலாளி வாயைத் திறக்க முடியாமல் மெச்சினார். மூன்று வருடம் கழித்து ஃபிட்ஸ்மையர் என்ற வேத அறிஞர் இதைக் கொஞ்சம் நகர்த்தி, தள்ளியது காரியஸ்தனின் சொந்தக் கமிஷன் என்றார். அப்படியானால் அவன் இழந்தது தன் பணத்தை மட்டுமே.

இதைப் படித்த அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. கொள்ளுத்தாத்தா திருடர் இல்லை! கட்டுரையில் நாலு பக்கம் பர்மாவை எழுதினேன். 1930ல் நெல் விலை சரிந்ததையும், கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 6 சதவீதமாக இருந்த நிலம் 1938க்குள் 25 சதவீதம் ஆனதையும், கடனுக்கு வந்த நிலத்தில் முன்னாள் சொந்தக்காரரே குத்தகைக்காரராக நின்றதையும், நடுவில் காரியஸ்தர் நின்றதையும் எழுதினேன். பெரியம்மா சொன்ன கதையை அப்படியே போட்டு, லூக்காவின் காரியஸ்தனும் இப்படித்தான் தன் பங்கை விட்டுக்கொடுத்தான் என்று முடித்தேன்.

எங்கள் ஆசிரியை, நாங்கள் சயாமா என்று கூப்பிடுவோம், அவர் திருப்பிக் கொடுத்த தாளில் அந்த நாலு பக்கத்திலும் ஒரு கோடு கூட இல்லை. ஓரத்தில் இரண்டு கேள்வி மட்டும் எழுதியிருந்தார். முதலாவது: "ஐந்தாம் வசனத்தில் கடன் யாருக்கு? அளவு என்ன?"

ஐந்தாம் வசனத்தைத் திரும்பப் பார்த்தேன். 'என் எஜமானுக்கு நீ எவ்வளவு கடன்பட்டிருக்கிறாய்?' என்றுதான் அவன் கேட்கிறான். நூறும் எஜமானுடையது என்று அவன் வாயே சொல்கிறது. கமிஷன் என்று ஒரு சொல் எங்கும் இல்லை. சீட்டில் எழுதிய கடனுக்குள் காரியஸ்தனின் பங்கு ஒளிந்திருந்தது என்பதை நாம்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அப்புறம் அளவு. எண்ணெய்க்கான 'பாத்' என்ற அளவு சுமார் 39 லிட்டர். நூறு பாத் என்றால் ஏறக்குறைய 3,900 லிட்டர், ஒரு சின்னத் தோப்பில் வருகிற எண்ணெய் அல்ல. கோதுமைக்கான 'கோர்' அதைப் போலப் பத்து மடங்கு. நூறு கோர் கிட்டத்தட்ட 39,000 லிட்டர். விலை போட்டுப் பார்த்த யெரெமியாஸ், தள்ளிய ஐம்பது பாத்தும் இருபது கோரும் மதிப்பில் ஏறக்குறைய ஒன்று, ஒவ்வொன்றும் சுமார் 500 தெனாரியம் என்றார். ஒரு கூலியாளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தெனாரியம் என்று மத்தேயு 20 சொல்கிறது. ஐந்நூறு நாள் கூலியை ஒரே கையெழுத்தில் தள்ளுகிறான். இந்தக் கடன்காரர்கள் பசியில் கிடந்த சிறு விவசாயிகள் அல்ல. பெரிய குத்தகைக்காரர்களோ, மொத்த வியாபாரிகளோ. வட்டி விளக்கமும் இங்கே தடுமாறுகிறது. ஐம்பதுக்கு ஐம்பது என்றால் எண்ணெய்க்கு நூறு சதவீதம், எண்பதுக்கு இருபது என்றால் கோதுமைக்கு இருபத்தைந்து. இரண்டுக்கும் தனித்தனிக் காரணம் தேடித்தான் அதை நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஆக, கதை சொல்வது கடினமானதைத்தான். அவன் முதலாளியின் பொருளைத் தள்ளினான். முதலாளி அவனுடைய சுதாரிப்பை மெச்சினார். அதற்கு மேல் கதை எதையும் சமாதானப்படுத்துவதில்லை. எனக்கு வேண்டிய இரக்கம் அந்த ஏழரை வசனத்துக்குள் இல்லை. அதை நான்தான் உள்ளே வைத்தேன். அன்று இரவு அந்த நாலு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது கேள்வி

சயாமாவின் இரண்டாவது கேள்வி: "உன் குடும்பக் கதையில் நூறு, ஐம்பது என்று முதலில் சொன்னது யார்?"

இதை நான் கேட்டதே இல்லை. பெரியம்மாவுக்குச் சொன்னது என் தாத்தா. தாத்தா உபதேசியார். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்ச் சபைகளில் பிரசங்கம் செய்தவர். எனக்கு அந்த இடத்திலேயே கை நின்றது. ஒன்பதாம் வசனத்தின் ஓரத்தில் நான் குறித்து வைத்தது நினைவுக்கு வந்தது.

மோல்மேனில் மாமா ஒருவர் இருக்கிறார், தாத்தாவின் தம்பி மகன். அந்தச் சின்னத் தாத்தா 1942ல் ஒன்பது வயதுப் பையன், அப்பாவோடு கூடவே இருந்தவர். பிரசங்கம் செய்தவர் அல்ல, மரக்கடையில் வேலை பார்த்தவர். வைபரில் மாமாவைக் கூப்பிட்டு, கதையை நான் சொல்லாமல், "உங்க அப்பா என்ன சொல்வார்?" என்று மட்டும் கேட்டேன். எடுத்துக் கொடுத்தால் அவர் நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிடுவார் என்று பயம்.

மாமாவின் கதையில் நூறும் இல்லை, ஐம்பதும் இல்லை. கோள் சொன்னவர் இல்லை. வேலை போகவும் இல்லை. குண்டு விழ ஆரம்பித்ததும் முதலாளி ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். அந்த வருடப் பாக்கி வசூலாகவே இல்லை. பேரேட்டை ஒரு தகரப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், வழியில் கனமாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். "அந்த விவசாயி ஏன் மாமா வீட்டில் வைத்துக்கொண்டார்?" என்று கேட்டேன். "அதுவா, எங்க அப்பத்தா அவங்க வீட்டில் பிள்ளைப்பேறு பார்த்திருக்காங்க. கஷ்டமான பேறாம். தாயும் பிழைச்சுது, பிள்ளையும் பிழைச்சுது. அதுக்காகத்தான்" என்றார்.

வகுப்பில் படித்ததை என் வீட்டுக் கதை மேல் வைத்துப் பார்க்க எனக்கு மனம் கூசியது, ஆனாலும் வைத்தேன். இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று வேதத்தில் உள்ள ஒரு கதையோடு அச்சாகப் பொருந்துகிறது. இன்னொன்று எதோடும் பொருந்தவில்லை, பிரசங்கத்துக்கும் உதவாது. எது எந்தத் திசையில் மாறியிருக்கும்? பிள்ளைப்பேறு பார்த்த ஒரு பெண்ணைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு, கணக்கெழுதும் ஓர் ஆணை வைப்பதற்குத் தாத்தாவுக்குக் காரணம் இருந்தது. கையில் லூக்கா இருந்தது. லூக்காவை எடுத்துவிட்டு ஒரு பிள்ளைப்பேறை வைக்க மரக்கடைச் சின்னத் தாத்தாவுக்கு எந்தக் காரணமும் இல்லை. இது நிரூபணம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்பது வயதுப் பையனுக்குக் கணக்குப் புத்தகத்தில் நடந்தது தெரியாமல் போயிருக்கலாம். பொருந்துகிறது என்பதற்காகவே ஒன்றைப் பொய் என்று தள்ளுவதும் இந்த முறையில் அடிக்கடி நடக்கிற தவறுதான். காரியஸ்தர்கள் பாக்கி தள்ளுவது ஊரில் நடக்காத காரியம் இல்லை. ஆனால் நூறும் ஐம்பதும் லூக்காவிலிருந்து வந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தாத்தா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு கதைக்கும் நடுவில் ஒரே வாக்கியம் அசையாமல் நிற்கிறது. நான்காம் வசனத்தில் உக்கிராணக்காரன் எதற்காக இத்தனையும் செய்கிறான் என்றால், வேலை போனபின் ஜனங்கள் தன்னை வீடுகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. இருபத்திரண்டு வயதில் அந்நியர் ஒருவர் வீட்டில் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஒருவர், பிறகு வாழ்நாள் முழுக்க லூக்காவைக் கையில் வைத்திருந்தவர், அந்த வசனத்தைத் தாண்டும்போது என்ன நினைத்திருப்பார்? அந்த ஒரு வசனம் உண்மையாகப் பொருந்தியது. மீதியைப் பிரசங்கம் இழுத்துக்கொண்டு வந்தது. ஒன்பதாம் வசனத்திலிருந்து பதின்மூன்று வரை லூக்காவுக்கு முன்னோ லூக்காவின் கையிலோ நடந்ததும் இது போன்றதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அதனால் தையல் தெரிகிற அந்த வசனங்களைக் குறைவாக நினைக்க என்னால் முடியவில்லை. கட்டுரையைத் திருத்தி எழுதியபோது, குடும்பக் கதையை விட்டுவிட்டு, அந்த ஐந்து வசனங்களுக்குத்தான் அந்த நாலு பக்கத்தைக் கொடுத்தேன்.

பெரியம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எண்பது வயதாகிறது. மழை பெய்த ஒரு சாயங்காலம், கண் சரியில்லை, வாசித்துக் காட்டு என்று அவரே கேட்டார். லூக்கா 16ஐ எடுத்தேன். எட்டாம் வசனத்தின் பாதியில் நிறுத்தினேன். "ஏன் நிறுத்திட்டே?" என்றார். கதை இங்கே முடிகிறது பெரியம்மா என்று சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி மோல்மேன் மாமா சொன்னதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளைப்பேறு பார்த்தது நிஜம்தான். அந்தப் பொண்ணு என் கல்யாணத்துக்கு வந்திருந்தா. முகத்துக்கு அரைச்சுப் பூச ஒரு முழத் தனக்கா கட்டை கொண்டுவந்து கொடுத்தா" என்றார்.

"நீங்க இதைச் சொன்னதே இல்லையே?"

"யாரும் கேக்கலையே. எல்லாருக்கும் அப்பா சொன்ன கதைதான் வேணும்" என்றவர், "சரி, மீதியையும் வாசி. அவர் பிரசங்கம் பண்ணினது அதிலேருந்துதான்" என்றார்.

ஒன்பதாம் வசனத்திலிருந்து வாசித்தேன்.